பதிவேட்டிலிருந்து தரவுத்தளத்துக்கு: தவறான எண்ணை வாசலிலேயே பிடிப்பது எப்படி?

மாணவர்களே, கையில் இருக்கும் ஏதாவது ஒரு புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். பட்டைக் குறியீட்டுக்கு அருகில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் ஐஎஸ்பிஎன், அதாவது உலகத் தரப் புத்தக எண். மலேசியாவில் இந்த எண்ணைத் தேசிய நூலகம் வழங்குகிறது. 978-க்குப் பிறகு 967, 983 அல்லது 629 என்று வந்தால் அது மலேசியப் பதிப்பு. 81 அல்லது 93 என்று வந்தால் இந்தியாவில் வெளியான நூல்.

இந்த 13 இலக்கங்களில் முதல் 12 இலக்கங்கள்தாம் புத்தகத்தைக் குறிக்கின்றன. கடைசி இலக்கம் முதல் 12-க்கும் காவலாக நிற்கிறது. அதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். பழைய பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும்போது இந்தக் காவலாளி எப்படி உதவுகிறது, எந்த இடத்தில் ஏமாந்து போகிறது என்பதே இந்த வாரப் பாடம்.

ஒரு பள்ளி நூலகத்தை எடுத்துக்கொள்வோம்

அலோர் காஜா வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பு தோட்டத்தில் இருந்து, பிறகு ஊருக்கு இடம் மாறிய பள்ளி அது. அங்குள்ள நூலகத்தில் 1,846 புத்தகங்கள் இருக்கின்றன. தடித்த அட்டை போட்ட பதிவேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி: பதிவு எண், தலைப்பு, ஐஎஸ்பிஎன், பதிப்பாண்டு, விலை, நூல் வந்த தேதி.

இந்தப் பதிவேட்டை மாணவர்கள் சிலர் பகிர்ந்துகொண்டு எக்செல் விரிதாளில் தட்டச்சு செய்கிறார்கள். பிறகு அதைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, நூலகத்தின் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். ஆக, தாளிலிருந்து விரிதாள், விரிதாளிலிருந்து சிஎஸ்வி, சிஎஸ்வியிலிருந்து தரவுத்தளம் என்று தரவு மூன்று முறை இடம் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் அது சிதைய வாய்ப்பு உண்டு.

தவறை ஏற்றிய பிறகு திருத்தினால் என்ன என்று கேட்கலாம். தரவுத்தளத்தில் நூல் அட்டவணை தனியாக நிற்பதில்லை. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்ற இரவல் அட்டவணை அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். ஒரு நூலின் எண் இன்னொரு நூலின் பெயரோடு சேர்ந்துவிட்டால், மூன்று மாதம் கழித்து, தான் எடுக்காத புத்தகத்தைத் தொலைத்ததாக ஒரு மாணவியிடம் பணம் கேட்கப்படலாம். அந்த நேரத்தில் பிழை பதிவேட்டில் இருந்ததா, தட்டச்சில் நேர்ந்ததா, இரவல் கொடுத்தபோது நேர்ந்ததா என்று பிரித்தறிவது கடினம். ஏற்றுவதற்கு முன்பு என்றால் பிழை அந்த ஒரு வரியோடு நின்றுவிடும்.

விரிதாள் செய்யும் வேலை

விரிதாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இலக்கங்களாக எதைக் கண்டாலும் அதைக் கணக்குப் போடும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஐஎஸ்பிஎன் கூட்டிக் கழிப்பதற்கான எண் அல்ல. அது ஒரு பெயர்.

எடுத்துக்காட்டுக்காக ஓர் எண்ணை அமைத்துக்கொள்வோம்: 9789672413059. இதைச் சாதாரணக் கட்டத்தில் தட்டச்சு செய்தால் எக்செல் திரையில் இப்படிக் காட்டும்:

```
9.78967E+12
```

உள்ளே முழு எண் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் கோப்பைச் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதே எழுதப்படும். அந்தக் கோப்பை மறுபடி திறந்தால் எண் 9789670000000 ஆகியிருக்கும். கடைசி ஏழு இலக்கங்கள் போய்விட்டன. 978967 என்று தொடங்கும் பல மலேசிய நூல்களுக்கும் இப்போது ஒரே எண்தான்.

இன்னொரு சிதைவும் உண்டு. 2007-க்கு முன் ஐஎஸ்பிஎன் 10 இலக்கமாக இருந்தது. ஆங்கில நாடுகளில் வெளியான பல நூல்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். 0306406152 என்று தட்டச்சு செய்தால், எண்ணின் முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று கருதி விரிதாள் அதை நீக்கிவிடும். 306406152 என்ற ஒன்பது இலக்கமே மிஞ்சும்.

இந்த இரண்டையும் தவிர்க்கும் வழி எளிது. தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே அந்த நிரலை 'எழுத்து' வகையாக மாற்றிவிட வேண்டும். தட்டச்சு முடிந்த பிறகு மாற்றினால், விழுந்துபோன பூஜ்யம் திரும்பி வராது.

முதல் வாசல்: வடிவமும் வரம்பும்

தரவு உள்ளே வருவதற்கு முன், எது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் பட்டியலுக்கு ஸ்கீமா என்று பெயர். நம் நூலகத்துக்கான ஸ்கீமாவைச் சாதாரணத் தமிழிலேயே எழுதிவிடலாம்.

- பதிவு எண்: முழு எண், 1 முதல் 1846 வரை, கட்டாயம் வேண்டும், ஒன்று இரண்டு முறை வரக்கூடாது.
- தலைப்பு: எழுத்து, காலியாக இருக்கக்கூடாது.
- ஐஎஸ்பிஎன்: காலியாக இருக்கலாம், இருந்தால் 13 இலக்கம், 978 அல்லது 979 என்று தொடங்க வேண்டும், சரிபார்ப்பு இலக்கம் பொருந்த வேண்டும்.
- பதிப்பாண்டு: 1900-க்குக் குறையக்கூடாது, நூல் வந்த ஆண்டைத் தாண்டக்கூடாது.
- விலை: 0 முதல் 500 ரிங்கிட் வரை.
- வந்த தேதி: ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், உண்மையில் இருக்கக்கூடிய தேதி.

ஐஎஸ்பிஎன் காலியாக இருக்கலாம் என்று ஏன் சொன்னோம்? 10 இலக்க ஐஎஸ்பிஎன் உலகத் தரமாக ஏற்கப்பட்டது 1970-இல்தான். அதற்கு முந்திய நூல்களுக்கு அந்த எண்ணே கிடையாது. கட்டாயம் வேண்டும் என்று விதித்துவிட்டால், தட்டச்சு செய்பவர் எதையாவது போட்டு இடத்தை நிரப்புவார். பெரும்பாலும் 0000000000000 என்று போடுவார். இதனால் என்ன ஆபத்து என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

வரம்பை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். விலைக்கு 50 ரிங்கிட் என்று வரம்பு வைத்தால், தடித்த அகராதி ஒன்று நியாயமாக 120 ரிங்கிட் இருந்தாலும் வெளியே தள்ளப்படும். 10,000 என்று வைத்தால், 12.50 என்பதில் புள்ளி விடுபட்டு 1250 ஆனதும் உள்ளே நுழைந்துவிடும். 500 என்று வைத்தால் அகராதி நுழையும், 1250 நிற்கும். ஆனால் 4.50 என்பது 450 ஆகிவிட்டால் அதுவும் நுழையும். வரம்பு என்பது சல்லடை. கண்ணின் அளவைவிடச் சிறிய பிழை அதன் வழியே விழுந்துவிடும்.

இரண்டாம் வாசல்: சரிபார்ப்பு இலக்கம்

வரம்பால் பிடிக்க முடியாத பிழையைப் பிடிக்கவே சரிபார்ப்பு இலக்கம். 13 இலக்க ஐஎஸ்பிஎன்னுக்கான விதி இதுதான். இடமிருந்து வலமாக இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்க வேண்டும். கிடைப்பதை எல்லாம் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் பொருந்துகிறது.

9789672413059 என்ற எண்ணைச் சோதிப்போம்.

```
9×1 + 7×3 + 8×1 + 9×3 + 6×1 + 7×3 + 2×1
+ 4×3 + 1×1 + 3×3 + 0×1 + 5×3 + 9×1

= 9 + 21 + 8 + 27 + 6 + 21 + 2
+ 12 + 1 + 9 + 0 + 15 + 9 = 140
```

140 பத்தால் வகுபடுகிறது. எண் பொருந்துகிறது.

பதிவேட்டின் கையெழுத்தில் 1 என்பது 7 போலத் தெரிந்து, ஒருவர் 9789672473059 என்று தட்டச்சு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் இடத்தில் 1 இருந்த இடத்தில் 7 வந்துவிட்டது. கூட்டுத்தொகை 6 கூடி 146 ஆகிறது. பத்தால் வகுபடாது. பிழை பிடிபட்டது.

ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இந்த விதி எப்போதும் பிடித்துவிடும். காரணம் இதுதான். ஓர் இலக்கம் மாறினால் வித்தியாசம் 1 முதல் 9-க்குள் இருக்கும். அதை 1-ஆல் பெருக்கினாலும் 3-ஆல் பெருக்கினாலும் பத்தின் மடங்கு வராது. வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாருங்கள்: 3, 6, 9, 12, 15, 18, 21, 24, 27. இவற்றில் எதுவும் பூஜ்யத்தில் முடியவில்லை. 3-க்குப் பதிலாக 2 அல்லது 5 என்று வைத்திருந்தால் 10 வந்து மாட்டியிருக்கும்.

விரிதாள் சிதைத்த 9789670000000 என்ன ஆகும்? அதன் கூட்டுத்தொகை 92. அதுவும் பிடிபடுகிறது. முன்பு சொன்ன 0000000000000-இன் கூட்டுத்தொகையோ 0. பூஜ்யம் பத்தால் வகுபடும்! இட்டு நிரப்பிய வெறும் பூஜ்யங்களைச் சரிபார்ப்பு இலக்கம் நல்ல எண் என்று உள்ளே விட்டுவிடும். ஸ்கீமாவில் '978 அல்லது 979 என்று தொடங்க வேண்டும்' என்ற விதி இருப்பதால்தான் அது தடுக்கப்படுகிறது. இரண்டு வாசலும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும்.

இந்த இரண்டு வாசலையும் பைத்தான் மொழியில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
def isbn13_ok(s):
    if len(s) != 13 or not s.isdigit():
        return False
    if s[:3] not in ("978", "979"):
        return False
    total = 0
    for i, ch in enumerate(s):
        total += int(ch) * (1 if i % 2 == 0 else 3)
    return total % 10 == 0
```

காவலாளி ஏமாறும் இடம்

தட்டச்சில் அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. நம் எண்ணில் உள்ள 13 என்பதை 31 என்று அடித்தால் கூட்டுத்தொகை 136 ஆகும், பிடிபடும். ஆனால் 978967 என்பதன் கடைசி 7-உம் அடுத்து வரும் 2-உம் இடம் மாறினால்? எண் 9789627413059 ஆகிறது. முன்பு அந்த இரண்டு இலக்கங்களும் 21 + 2 = 23 தந்தன. இப்போது 6 + 7 = 13 தருகின்றன. சரியாகப் பத்துக் குறைந்து மொத்தம் 130. பத்தால் வகுபடுகிறது. பிழை உள்ளே போய்விட்டது.

இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் 5 என்றால் இப்படித்தான் ஆகும். 0-5, 1-6, 2-7, 3-8, 4-9 ஆகிய ஐந்து ஜோடிகள். வெவ்வேறான இரண்டு இலக்கங்களால் ஆகும் ஜோடிகள் மொத்தம் 45. எனவே ஒன்பதில் ஒரு பங்கு இடமாற்றங்கள் இந்த விதிக்குத் தெரிவதில்லை.

ஆனாலும் நம் எடுத்துக்காட்டில் ஒரு துப்பு இருக்கிறது. 978962 என்பது ஹாங்காங் பதிப்புகளுக்கு உரியது. தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஹாங்காங்கில் வெளியான நூல் இருக்கக்கூடாது என்று சட்டமில்லை. ஆனால் அது அபூர்வம். இப்படிப்பட்டவற்றை நிராகரிக்காமல் 'சந்தேகம்' என்று குறித்து, ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்யலாம். நல்ல சோதனை முறையில் 'ஏற்பு', 'நிராகரிப்பு' என்ற இரண்டோடு 'பார்க்கவும்' என்ற மூன்றாவது பிரிவும் இருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். தட்டச்சு செய்பவர் ஒரு வரி தவறி, பக்கத்து நூலின் எண்ணை இந்த நூலுக்கு எழுதிவிட்டால் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றும் சொல்லாது. எண் சரியான எண்தான், புத்தகம்தான் வேறு. எண்ணின் இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

கடைசி இலக்கத்தைத் திருத்திவிடலாமா?

சோதனையில் விழுந்த எண்ணுக்கு, கடைசி இலக்கத்தை மட்டும் மறுபடி கணக்கிட்டு மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடும் அல்லவா என்று தோன்றலாம். அப்படிச் செய்யக்கூடாது. சரிபார்ப்பு இலக்கம் பிழை இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்த இடத்தில் என்று சொல்லாது. 13 இடங்களில் எதை எடுத்தாலும், அங்கே ஓர் இலக்கத்தை மாற்றிக் கூட்டுத்தொகையைச் சரியாக்க முடியும். கடைசி இலக்கத்தை மாற்றுவது அந்தப் பதின்மூன்றில் ஒரு வழிதான். அது பிழையை நீக்காமல் மூடி மறைத்துவிடும்.

இதே ஆபத்து, யாரும் கவனிக்காமலே, பழைய 10 இலக்க எண்களை மாற்றும்போது வருகிறது. 2007 ஜனவரி 1 முதல் ஐஎஸ்பிஎன் 13 இலக்கமானது. பழைய எண்ணை மாற்றும் முறை இது: கடைசி இலக்கத்தை நீக்க வேண்டும்; முன்னால் 978 சேர்க்க வேண்டும்; புதிய விதிப்படி சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். 0306406152 என்பது இப்படி 9780306406157 ஆகும்.

பழைய எண்ணுக்கு விதி வேறு. இலக்கங்களை 10, 9, 8 என்று இறங்கு வரிசையில் 1 வரை பெருக்கிக் கூட்டினால், தொகை 11-ஆல் வகுபட வேண்டும். 0306406152-க்குத் தொகை 132. அது 11 × 12. பொருந்துகிறது. கடைசியில் 10 தேவைப்பட்டால் அங்கே X என்று எழுதுவார்கள். பழைய நூல்களின் எண்ணில் X வருவது அச்சுப் பிழை அல்ல. ஓர் இலக்கம் தவறினாலும், எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்தப் பழைய விதி பிடித்துவிடும்.

இப்போது ஒருவர் 1-ஐ 7 என்று படித்து 0306406752 என்று அடித்தார் என்போம். பழைய விதிப்படி தொகை 150. 11-ஆல் வகுத்தால் மீதி 7. எனவே தவறு. ஆனால் இதைச் சோதிக்காமல் நேரே 13 இலக்கமாக மாற்றினால் என்ன ஆகும்? பிழையைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கடைசி 2 நீக்கப்படுகிறது. மீதியுள்ள தவறான இலக்கங்களுக்குப் புதிதாக ஒரு சரிபார்ப்பு இலக்கம் கணக்கிடப்படுகிறது. கிடைக்கும் எண் 9780306406751. இது புதிய விதியில் அழகாகத் தேறிவிடும்!

தரவை மாற்றும் செயலே சாட்சியை அழித்துவிட்டது. எனவே மாற்றுவதற்கு முன்பு பழைய விதியால் ஒரு முறை, மாற்றிய பின்பு புதிய விதியால் ஒரு முறை சோதிக்க வேண்டும். பூஜ்யம் விழுந்துபோன 306406152-க்கும் இதே வழிதான். முன்னால் பூஜ்யத்தைச் சேர்த்துப் பழைய விதியால் சோதியுங்கள். தேறினால், விழுந்தது பூஜ்யம்தான் என்று பெரும்பாலும் நம்பலாம்.

சரிபார்ப்பு இலக்கம் இல்லாத இடத்தில்

எல்லா எண்ணுக்கும் இப்படி ஒரு காவலாளி இருப்பதில்லை. உங்கள் மைகார்டு எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். மலாக்காவுக்கு 04, நெகிரி செம்பிலானுக்கு 05. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அது சரிபார்ப்பு இலக்கம் அல்ல. ஆகவே மாதம் 13 என்று இருந்தால் வரம்பு பிடிக்கும். ஆனால் 04 என்பதை 05 என்று அடித்தால் எதுவும் பிடிக்காது. புலாவ் செபாங்கும் தம்பினும் அடுத்தடுத்த ஊர்கள், மாநிலம்தான் வேறு. ஆகவே 05 என்பது பார்ப்பவருக்கும் சந்தேகம் தராது.

நூல் வந்த தேதிக்கும் இதே நிலைதான். பதிவேட்டில் 05/07/1998 என்று இருக்கிறது. நாம் அதை ஜூலை 5 என்று படிப்போம். கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் அது மே 7 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுமே உண்மையான தேதிகள். இரண்டுமே வரம்புக்குள் இருக்கின்றன. 25/07/1998 என்று இருந்தால் 25-ஆம் மாதம் இல்லாததால் கணினி அதைத் தேதியாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவிடும். விரிதாளில் சில தேதிகள் கட்டத்தின் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால், இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இங்கே உதவுவது பக்கத்து வரிகள். பதிவேட்டில் நூல்கள் வந்த வரிசையில்தான் எண் இடப்படும். ஆகவே பதிவு எண் ஏற ஏறத் தேதி பின்னோக்கிப் போகக்கூடாது. 611-ஆம் எண் ஜூன் 20, 612-ஆம் எண் மே 7, 613-ஆம் எண் ஜூலை 9 என்று வந்தால், நடுவில் உள்ளது தலைகீழாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு வரியைத் தனியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததை, வரிசையில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

ஏற்றும் நாள்

சோதனையை முடித்து நேரே நூல் அட்டவணையில் ஏற்றுவதில்லை. முதலில் சிஎஸ்வி கோப்பு முழுவதையும் ஒரு தற்காலிக அட்டவணையில் அப்படியே கொட்ட வேண்டும். அங்கே எல்லா நிரலும் எழுத்து வகை; எந்த விதியும் இல்லை. சோதனைகள் அங்கே நடக்கும். தேறிய வரிகள் நூல் அட்டவணைக்குப் போகும். தேறாதவை, எந்த விதியில் விழுந்தன என்ற குறிப்போடு தனிப்பட்டியலில் நிற்கும். அவற்றுக்காகப் பதிவேட்டையும் அலமாரியையும் மறுபடி திறக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்குச் சரிபார்ப்பு. நம் எடுத்துக்காட்டில் 1,846 வரிகள் உள்ளே வந்தன. 1,731 தேறின என்று வைத்துக்கொள்வோம். E வடிவத்தில் சிதைந்தவை 63, பூஜ்யம் விழுந்தவை 21, சரிபார்ப்பு இலக்கம் பொருந்தாதவை 17, ஆண்டு வரம்பு மீறியவை 9, இரட்டைப் பதிவு எண் உள்ளவை 5. தேறாதவை மொத்தம் 115. 1,731-உம் 115-உம் சேர்ந்தால் 1,846. கணக்கு நேராகிறது. நேராகவில்லை என்றால், எங்கோ சில வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கின்றன.

சில வரிகள் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பு வழியாகத் தன் தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதற்குமேல் வந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போவதும் தாமதமானது. உள்ளே போன ஒவ்வொரு வரியும் சரியானதாகவே இருந்திருக்கலாம். வராமல் போன வரியை எந்தச் சரிபார்ப்பு இலக்கமும் சோதிக்க முடியாது. வந்தது எத்தனை, போனது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே அதற்கு வழி.

முயன்று பாருங்கள்

ஒரே நூலின் எண்ணை மூன்று மாணவர்கள் தனித்தனியே தட்டச்சு செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

```
A) 9789835471261
B) 9789835417261
C) 9789835471216
```

எது தேறும்? முதலில் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், பிறகு மேலே படியுங்கள்.

A-இன் கூட்டுத்தொகை 130, தேறும். B-இல் 71 என்பது 17 ஆகியிருக்கிறது, தொகை 142, தேறாது. C-இல் கடைசி 61 என்பது 16 ஆகியிருக்கிறது. 6-க்கும் 1-க்கும் வித்தியாசம் 5. தொகை 120, அதுவும் தேறிவிடும். A, C இரண்டில் ஒன்றுதான் சரி. எது என்று கணக்கால் சொல்ல முடியாது. அலமாரிக்குப் போய், புத்தகத்தை எடுத்து, பின்னட்டையைப் பார்க்க வேண்டும்.